‘குரோ...’ எந்த ஆண்டு? பழைய புரோநோட்டு ஒன்றைப் படித்தறிந்த அனுபவம்

சிராங்கூன் ரோட்டில் சிறு மளிகைக்கடை வைத்திருந்த என் பாட்டியின் தாத்தாவைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. மார்க்கெட் ஸ்திரீட் செட்டியார் ஒருவரிடம் வாங்கிய கடனை அடைக்காமலேயே, 1930ஆம் ஆண்டில் வியாபாரம் நொடித்துக் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார் என்பார்கள். திருமண வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிப்பதும் உண்டு. பாட்டி மட்டும் சிரிக்க மாட்டார்.

சென்ற ஆண்டு தஞ்சைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மாமா, பழைய தகரப் பெட்டியில் கிடைத்த ஒரு தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினார். அது ஒரு புரோநோட்டு, அதாவது கடன் உறுதிச் சீட்டு. மை வெளிறிப் பழுப்பாகியிருந்தது. பாதிச் சொற்கள் குறியீடுகளாக இருந்தன. தேதி இருந்த இடத்தில் நாம் அறிந்த 1, 2, 3 எதுவும் இல்லை. பல்கலைக்கழகத்தில் நான் படிப்பது வேறு துறை. ஆனால் தொடக்கக் கல்லூரி வரை தமிழ் படித்திருந்ததால் தாள் என்னிடம் வந்தது. பாட்டி கேட்டது ஒன்றுதான்: “இது அந்தக் கடனா? கட்டினாரா, கட்டலையா?”

இத்தகைய தாள்கள் சிங்கப்பூர்த் தமிழர் வீடுகள் பலவற்றில் இருக்கக்கூடும். இதை எப்படிப் படித்தேன் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் வேலை படத்தைச் சரிசெய்வது

மாமா முதலில் அனுப்பிய படம் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்தது. அப்படி அனுப்பும்போது செயலி படத்தைச் சுருக்கிவிடும். கறுப்பு எழுத்துக்கு அதனால் பெரிய கேடில்லை. வெளிறிய எழுத்தில் இருக்கும் மெல்லிய கோடுகள்தாம் முதலில் அழியும். எனவே அதே படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக, சுருக்காமல் அனுப்பச் சொன்னேன். மேலும் இரண்டு படங்கள் கேட்டேன். ஒன்று, ஃபிளாஷ் இல்லாமல், சன்னல் வெளிச்சத்தில், கைப்பேசியைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுத்தது. மற்றொன்று, அறையை இருட்டாக்கி, தாளின் பக்கவாட்டிலிருந்து டார்ச் விளக்கைச் சாய்வாக அடித்து எடுத்தது. கூரான இரும்பு நிப்பால் எழுதும்போது தாளில் சிறு பள்ளம் விழும். மை போனாலும் பள்ளம் போகாது. சாய்ந்த ஒளியில் அந்தப் பள்ளம் நிழலாகத் தெரியும்.

அடுத்தது நிறம். அக்காலத்தில் பெருவழக்காக இருந்த ஒருவகை மையில் இரும்பு உப்பும் கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்பும் சேர்ந்திருக்கும். எழுதிய பின் கறுத்து நிற்பது, காலப்போக்கில் பழுப்பாகிவிடும். பழுப்பு மை நீல ஒளியைத்தான் அதிகம் விழுங்கும். கைப்பேசிப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்குகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்து நீல அடுக்கை மட்டும் பார்த்தால், எழுத்து மற்ற அடுக்குகளில் இருப்பதைவிடக் கருமையாக நிற்கும். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் Colors > Components > Decompose என்ற கட்டளை இதைச் செய்யும். தாளும் மஞ்சளாகியிருந்தால் நீல அடுக்கில் தாளின் கறைகளும் சேர்ந்து கருக்கும். அதனால் மூன்று அடுக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நீலத்தில் மட்டும் தெரிந்து, சாய்ந்த ஒளிப் படத்தில் பள்ளமே இல்லாத கோடு கறையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இவை எல்லாம் படத்தில் செய்பவை. மூலத் தாளில் தண்ணீர், எண்ணெய், வேதிப்பொருள் எதுவும் படக்கூடாது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர்கள் சிலர் மங்கிய சுவடிகளின் மீது கடுக்காய்த் துவர்ப்பு போன்ற கரைசலைத் தடவி எழுத்தை ஒருமுறை படித்தார்கள். பிறகு அந்தப் பக்கங்களில் பல கறுத்து, படிப்பதே கடினமாகிவிட்டது.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு

எழுத்து தெளிவானதும் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கவில்லை. உறுதியாகத் தெரிந்த இடங்களைத் தேடினேன். புரோநோட்டுக்கு ஒரு வாய்பாடு உண்டு. இன்ன ஊரில் இருக்கும் இன்னாருக்கு, இன்னார் குமாரன் இன்னார் எழுதிக்கொடுத்தது, ரொக்கமாக வாங்கிய தொகை இவ்வளவு, கேட்கும்போது தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவருக்காவது வட்டியுடன் செலுத்துவது என்ற போக்கில் அது செல்லும். வாய்பாடு தெரிந்தால், மங்கிய இடத்தில் என்ன சொல் வரக்கூடும் என்பது பாதி தெரிந்துவிடும்.

அந்த உறுதியான சொற்களிலிருந்து எழுதியவரின் கையெழுத்துக்கு ஓர் எழுத்துப் பட்டியல் தயாரித்தேன். இவர் ‘க’ எப்படிப் போடுகிறார், ‘த’வின் வால் எங்கே முடிகிறது என்று ஒவ்வொன்றையும் படத்திலிருந்து வெட்டி ஒரு தாளில் ஒட்டினேன். இவர் பல இடங்களில் புள்ளி வைக்கவில்லை. அதனால் ‘வட்டி’ என்பது ‘வடடி’ என்று நின்றது. ‘ர’வும் கால் குறியும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தன. 1978இல் தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னர் வழங்கிய ணை, லை, னை, ணா, றா போன்றவற்றின் பழைய சுழி வடிவங்களும் வந்தன. நம் தலைமுறை பாடநூலில் பார்த்திராத வடிவங்கள் அவை. பழைய தமிழ் நூல் ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டால் சீக்கிரம் பழகிவிடும்.

படித்ததை எழுதும்போது ஒரு விதி வைத்துக்கொண்டேன். உறுதியாகத் தெரிந்த எழுத்தை அப்படியே எழுதினேன். ஊகித்த எழுத்தைச் சதுர அடைப்புக்குள் இட்டேன். தெரியாத இடத்தில் புள்ளிகள் வைத்தேன். அப்போதுதான் ஊகம் நாளடைவில் உண்மைபோல் ஆகிவிடாது.

குறியீடுகள்

தாளின் உச்சியில் ‘உ’ என்று இருந்தது. தமிழ் எண்ணில் இரண்டும் ‘௨’ என்றே இருக்கும். ஆனால் இது பக்க எண்ணோ தொகையோ அன்று. எழுதத் தொடங்குமுன் போடும் பிள்ளையார் சுழி.

அதன் கீழே வரிக்கு வரி சுருக்கக் குறிகள். தேதி வரியில் ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳ ஆகிய குறிகள் வரும். மேற்படி என்பதற்கு ௸. சில கைகளில் இது ‘ஷை’ என்றே தெரியும். வரவுக்கு ௷, பற்றுக்கு ௶. இவற்றை யூனிகோடு எழுத்துருவில் பார்த்தால் தெளிவாக இருக்கும். அவசரக் கையெழுத்தில் ௴, ௵ இரண்டும் ஒரே சுழிபோல் தோன்றும். அப்போது வடிவத்தை விட இடத்தையே நம்ப வேண்டும். தேதி எழுதும் ஒழுங்கு ஆண்டு, மாதம், நாள் என்றுதான் இருக்கும். ஆனி, ஆடி போன்ற சொல்லுக்குப் பின் வரும் குறி மாதக் குறியாகத்தான் இருக்க முடியும்.

அடுத்தது எண். தமிழ் எண்கள் எழுத்துகளைப் போலவே இருப்பதால், பழக்கமில்லாதவர் சொல்லென்று நினைத்துத் திணறுவார். தொகை இருந்த இடத்தில் ‘வெள்ளி’ என்ற சொல்லை அடுத்து ௩௱௫௰ என்று இருந்தது. ௱ என்பது நூறு, ௰ என்பது பத்து. மூன்று நூறு, ஐந்து பத்து, ஆக 350. பழைய முறையில் சுழியம் இல்லை. நூறு, பத்து ஆகியவற்றுக்குத் தனிக் குறி உண்டு. தனியே ஒரு நூறு என்றால் ௱ மட்டும் போதும், முன்னால் ௧ தேவையில்லை. மங்கிய மையில் ௩, ௫ இரண்டையும் குழப்பிக்கொள்ள முடியும். அப்படி மாறினால் தொகையே மாறிவிடும். ஆனால் புரோநோட்டில் தொகையை எழுத்தாலும் எழுதுவார்கள். இங்கே ‘முன்னூற்றைம்ப...’ வரை தெளிவாக இருந்ததால் 350 வெள்ளி என்பது உறுதியானது. ரூபாய் என்று இல்லாமல் வெள்ளி என்று இருந்தது, கடன் இங்கேதான் வாங்கப்பட்டது என்பதற்கும் சான்று.

தேதிதான் சிக்கல்

தேதி வரி இப்படி இருந்தது: ‘குரோ[...]௵ ஆனி௴ ௨௰௩௳ சோம’. நாள் இரண்டு பத்து மூன்று, அதாவது 23. ‘சோம’ என்பது சோமவாரம், திங்கட்கிழமை. ஆண்டுப் பெயரின் பிற்பகுதி மடிப்பில் விழுந்து தேய்ந்துவிட்டது.

தமிழ் ஆண்டுகள் அறுபதும் பிரபவ தொடங்கி அட்சய வரை சென்று மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். பிரபவ 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளில் சித்திரையில் தொடங்கியது. ஓர் ஆண்டுப் பெயரின் வரிசை எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, பிரபவ தொடங்கிய ஆண்டோடு கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ‘குரோ’ என்று தொடங்கும் பெயர்கள் இரண்டு. 38ஆவதான குரோதி, 59ஆவதான குரோதன. குரோதி என்றால் 1904. குரோதன என்றால் 1925. இவற்றோடு அறுபதைக் கூட்டியும் கழித்தும் 1865, 1964 போன்றவையும் வரும். பாட்டியின் தாத்தா சப்பானியர் காலத்துக்கு முன்பே இறந்துவிட்டார். எனவே 1964 இல்லை. 1865இல் அவர் பிறந்திருக்கவே முடியாது. மிஞ்சியவை 1904, 1925. முதலாவது என்றால் இது குடும்பப் பேச்சில் வரும் கடனே அன்று. இரண்டாவது என்றால் 1930க்கு ஐந்து ஆண்டுக்கு முந்தைய கடன். அதுவாகத்தான் இருக்கும்.

இதைத் தீர்க்கும் முறையை, விடை தெரிந்த ஒரு தேதியில் முதலில் சோதித்துப் பார்த்தேன். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அது நள ஆண்டு ஆவணி 25, ஆங்கில முறைப்படி 1736 செப்டம்பர் 6 அன்று தொடங்குகிறது. நள ஐம்பதாவது ஆண்டு. பிரபவ அப்போது 1687இல் தொடங்கியது. 1687உடன் 49ஐக் கூட்டினால் 1736. முறை சரி. ஆவணி 25 செப்டம்பர் 6 என்றால் ஆவணி முதல் நாள் ஆகஸ்ட் 13. இப்போது ஆவணி முதல் நாள் ஆகஸ்ட் 17 வாக்கில் வருகிறது. தமிழ் ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சில நிமிடங்கள் நீளம் என்பதால், ஏறத்தாழ 60, 70 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இந்த விலகல் சேர்கிறது. ஆகவே இன்றைய காலண்டரில் ஆனி 23 எந்த நாள் என்று பார்த்து அதையே பழைய தாளுக்குப் பொருத்தக் கூடாது.

அதே நாட்குறிப்பில் இன்னொரு எச்சரிக்கையும் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களின் செப்டம்பர் 6, பக்கத்தில் சென்னைப் பட்டணத்தில் இருந்த ஆங்கிலேயருக்கு ஆகஸ்ட் 26. பிரிட்டன் 1752இல்தான் புதிய நாட்காட்டிக்கு மாறியது. ஆங்கில மாதப் பெயர் இருந்தாலும், எழுதியவர் யார் பக்கத்து ஆள் என்று பார்க்க வேண்டும். எங்கள் தாள் 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதால் இந்தத் தொல்லை இல்லை. குமரி, நெல்லைப் பக்கத்துத் தாளாக இருந்தால் கொல்லம் ஆண்டு வரலாம். தமிழ் முஸ்லிம் குடும்பத்துத் தாளில் ஹிஜ்ரி வரலாம். அவற்றுக்குக் கணக்கு வேறு.

இனி எங்கள் தேதி. 1904இலும் 1925இலும் ஆனி முதல் நாள் ஜூன் 14. எனவே ஆனி 23 என்பது இரண்டு ஆண்டிலும் ஜூலை 6. கைப்பேசிக் காலண்டரைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தால் 1904 ஜூலை 6 புதன்கிழமை. 1925 ஜூலை 6 திங்கட்கிழமை. தாளில் ‘சோம’ என்று இருக்கிறது. குரோதன ஆண்டு, 1925.

மாதப் பிறப்பைக் கணிக்கும் முறை ஊருக்கு ஊர், பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் சற்று மாறும். சூரியன் ராசி மாறுவது சூரியன் மறைந்த பிறகு என்றால், மாதம் மறுநாள்தான் பிறந்ததாகக் கொள்வார்கள். இதனால் ஒரு நாள் முன்பின் ஆகலாம். 1904ஆம் ஆண்டுக்கு ஒரு நாள் தள்ளினாலும் செவ்வாய் அல்லது வியாழன்தான் வரும், திங்கள் வராது. அதனால் இங்கே முடிவு மாறவில்லை. இரண்டு ஆண்டுகளின் கிழமைகள் அடுத்தடுத்து வந்திருந்தால், கிழமையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருக்க முடியாது.

தாளின் பின்பக்கம்

முதலில் வந்தவை எல்லாம் முன்பக்கப் படங்கள். பின்பக்கத்தையும் எடுத்து அனுப்பும்படி கேட்டேன். மாமா ஒரு வாரம் கழித்து அனுப்பினார். புரோநோட்டில் தவணையாகப் பணம் கட்டினால் அதைப் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வது வழக்கம். இங்கே மூன்று குறிப்புகள் இருந்தன. மூன்றுக்கும் முன்னால் ஒரே குறி. அது ௷ என்றால் வரவு, கட்டிய பணம். ௶ என்றால் பற்று, மேலும் வாங்கிய கடன். பாட்டியின் கேள்வி முழுவதும் இந்த ஒரு சுழியில் வந்து நின்றது.

குறி மூன்று இடத்திலும் மங்கலாகவே இருந்தது. நீல அடுக்கில் ‘வ’வின் வட்டம் போன்ற தொடக்கம் தெரிந்தது. அதை மட்டும் நம்பவில்லை. முன்பக்கத்தில் ‘வட்டி’ என்ற சொல்லில் இருந்த ‘வ’வோடு ஒப்பிட முடியாது. பின்பக்கம் வேறு கை. கடன் கொடுத்தவரின் கணக்குப் பிள்ளை எழுதியிருக்கலாம். எனவே தொகைகளைப் பார்த்தேன். முதலாவது ௱, இரண்டாவது ௱, மூன்றாவது ௱௫௰. நூறும் நூறும் நூற்றைம்பதும் 350. அசல் தொகை அப்படியே. மேலும் கடன் வாங்கியிருந்தால் கூட்டுத்தொகை இவ்வளவு சரியாகப் பொருந்தி வருவது அரிது. கடைசிக் குறிப்பில் ‘வட்டி உள்பட’ என்பதுபோல் ஒரு சொற்றொடரும் இருக்கிறது. அதில் ‘வட்’ மட்டுமே உறுதி. மீதியை அடைப்புக்குள்தான் வைத்திருக்கிறேன்.

அந்தக் குறிப்புகளின் தேதிகள்: அட்சய தை, பிரபவ ஆவணி, விபவ மாசி 12. குரோதனவுக்கு அடுத்தடுத்து வரும் மூன்று ஆண்டுகள் இவை. முன்பக்கத்தில் கிழமையை வைத்துக் கண்ட 1925க்கு இது தனியான இரண்டாவது சான்று. முன்பக்கம் 1904ஆக இருந்திருந்தால், முதல் தவணை 22 ஆண்டு கழித்துக் கட்டியதாக ஆகும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. விபவ 1928 என்று வாய்பாட்டில் வருவதால் மாசி மாதத்தையும் 1928 என்று எழுதிவிடத் தோன்றும். விபவ தொடங்கியது 1928 ஏப்ரலில். தை, மாசி, பங்குனி மாதங்கள் ஆங்கிலப் புத்தாண்டு தாண்டித்தான் வரும். விபவ மாசி 12 என்பது 1929 பிப்ரவரி பிற்பகுதி. அதேபோல் அட்சய தை 1927. இதைக் கவனிக்காவிட்டால் குடும்ப வரலாற்றில் ஓர் ஆண்டு காணாமல் போகும்.

தாள் சொல்வதும் சொல்லாததும்

1925 ஜூலையில் வாங்கிய 350 வெள்ளி, 1929 பிப்ரவரியில் தீர்ந்திருக்கிறது. நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது அந்த ஆண்டு அக்டோபரில். உலகப் பொருளாதார மந்தம் மலாயாவின் ரப்பர், ஈய விலையைச் சாய்த்தது அதற்குப் பிறகு. அவர் கப்பலேறியது 1930 என்ற பேச்சு சரியென்றால், இந்தக் கடன் அதற்கு ஓராண்டுக்கு முன்பே முடிந்துவிட்டது.

இன்னொரு சான்று எந்த எழுத்திலும் இல்லை. தாள் எங்கே இருந்தது என்பதுதான் அது. புரோநோட்டு கடன் கொடுத்தவரிடம் இருக்க வேண்டியது. பணம் முழுதும் வந்த பிறகுதான் அதைக் கடன் வாங்கியவரிடம் திருப்பிக் கொடுப்பார்கள். பல வேளைகளில் கையெழுத்து இருக்கும் இடத்தைக் கிழித்தும் கொடுப்பார்கள். எங்கள் தாளில் வலப்பக்கக் கீழ் மூலை கிழிந்திருக்கிறது. கறையான் அரித்தது என்று மாமா நினைத்திருந்தார். சாய்ந்த ஒளிப் படத்தில் பார்த்தால் அரிப்பின் ஓட்டைகள் இல்லை. ஒரே இழுப்பில் கிழித்த நேர் விளிம்பு. கடன் அடைக்கப்படாமல் இருந்தால், இந்தத் தாள் தஞ்சைப் பக்கத்துத் தகரப் பெட்டிக்கு வந்திருக்க வழியில்லை.

அவர் வேறு யாரிடமும் கடன் வாங்கவில்லை என்று இந்தத் தாள் சொல்லாது. 1930இல் ஏன் போனார் என்பதையும் சொல்லாது. படித்ததை வரிக்கு வரி எழுதி, ஊகங்களை அடைப்புக்குள் வைத்து, படங்களோடு பாட்டியிடம் கொடுத்திருக்கிறேன். பாட்டி அதில் ஒரு வரியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தரச் சொன்னார். விபவ மாசி 12, வரவு நூற்றைம்பது.